உளுந்த குறைச்சா லாபமா? சித்தப்பா முறுக்கு யூனிட்ல மிக்ஸ், ஈல்டு வேரியன்ஸ் போட்டுப் பாத்த கதை

சித்தப்பாவுக்கு திண்டுக்கல் பக்கம் ஒரு சின்ன முறுக்கு யூனிட் இருக்கு. ரெண்டு அடுப்பு, ஒரு மாவு பிசையுற மிஷின், பிழியுறதுக்கு அஞ்சு அக்காங்க, பொரிக்க ஒரு மாஸ்டர் அண்ணன், அவருக்கு ஒரு கையாள், அவ்வளவுதான். நான் சிஎம்ஏங்கிற காஸ்ட் அக்கவுண்டிங் படிப்புல இன்டர் படிச்சிட்டு இருக்கேன்னு தெரிஞ்சதும் "வெட்டியா தானே இருக்க, வந்து நம்ம கணக்கப் பாரு"ன்னு கூட்டிட்டுப் போயிட்டாரு. நானும் புக்ல A, B, C கெமிக்கல்னு போட்ட கணக்கையே எத்தன நாள் போடுறது, நிஜ முறுக்குல போட்டுப் பாப்போம்னு போனேன். ஜூலை மாசக் கணக்கு ஒண்ணே ஒண்ணு போட்டேன், அத மூணு தடவ மாத்திப் போட வேண்டியதாயிடுச்சு. ஒவ்வொரு தடவையும் தப்பு யார் மேலங்கிறதே மாறிச்சு.

வேரியன்ஸ்னா ஆக வேண்டிய செலவுக்கும் நெசமா ஆன செலவுக்கும் உள்ள வித்தியாசம், அதுக்கு மொதல்ல ஸ்டாண்டர்ட், அதாவது இவ்ளோ தான் ஆகணும்ங்கிற அளவு வேணும்ல. சித்தப்பா கிட்ட எழுதி வச்ச ரெசிப்பி எதுவும் கெடையாது, எல்லாம் மாஸ்டர் கையிலயும் சித்தி மண்டைலயும் இருக்கு. ரெண்டு பேரையும் ஒக்கார வச்சு, நல்லா ஓடுன ஒரு வாரம் தராச பக்கத்துலயே வச்சு நிறுத்து நிறுத்து எழுதுனேன். 100 கிலோ சரக்குக்கு அரிசி மாவு 54, உளுந்து மாவு 14, பொட்டுக்கடலை மாவு 7, எண்ணெய் 25 கிலோ. விலை அரிசி மாவு 50, உளுந்து 150, பொட்டுக்கடலை 100, எண்ணெய் 140 ரூபா. மொத்தம் 9,000 ரூபா வருது. அதுல இருந்து முழுசா பாக்கெட்ல போடுற மாதிரி நல்ல முறுக்கு 90 கிலோ. அப்ப ஒரு கிலோ முறுக்குக்கு மெட்டீரியல் ஸ்டாண்டர்ட் சரியா 100 ரூபா. உப்பு, எள்ளு, ஓமம், பெருங்காயம் இதெல்லாம் இந்தக் கணக்குல சேக்கல, அதுக்குத் தனியா ஒரு தொகை போட்டு வச்சாச்சு.

மத்த 10 கிலோ எங்க போகுதுன்னு கேப்பீங்க. மாவுல காஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் பத்து சதவீதத்துக்கு மேலயே ஈரம் இருக்கும், பொரிச்சு எடுத்தா அதுல பெரும்பாலும் போயிடும். அப்புறம் சட்டி அடியில தங்குற கசடு, மாத்திக் கீழ ஊத்துற எண்ணெய், பிழியுற அச்சுல ஒட்டுறது, உடைசல். பிசையும்போது ஊத்துற தண்ணிய இன்புட்ல சேக்கக்கூடாது, அது காசும் இல்ல கடைசில இருக்கறதும் இல்ல. நான் மொத நாள் பிசைஞ்ச மாவையே நிறுத்து இன்புட்னு எழுதிட்டேன், ஈல்டு, அதாவது போட்டதுல எவ்ளோ முறுக்கா வந்துச்சுங்கிறது, என்னடா அறுபது சதவீதத்துக்குப் பக்கத்துல நிக்குதுன்னு முழிச்சேன், சித்தி தான் "தண்ணியையும் சேத்து நிறுத்தா அப்படித்தான்டா வரும்"னு சொன்னாங்க.

எண்ணெயிலயும் ஒரு கூத்து நடந்துச்சு. எண்ணெய் எவ்ளோ செலவாச்சுன்னு டின் எண்ணி, டின்னுக்கு 15 கிலோன்னு ஸ்டோர் நோட்டுல எழுதிட்டு இருந்தாங்க. டின்ன பாத்தா 15 லிட்டர்னு போட்ருக்கு. ஒரு லிட்டர் எண்ணெய் கிட்டத்தட்ட 910 கிராம் தான், அப்ப ஒரு டின் 13.65 கிலோ. மாசம் நாப்பது டின் கிட்ட ஓடுற எடத்துல 50 கிலோவுக்கு மேல சும்மா பேப்பர்லயே எண்ணெய் குடிச்சிருக்கு. இத விட்டிருந்தா அத்தனையும் மாஸ்டர் தலையில தான் விழுந்திருக்கும். மாச ஆரம்பத்துலயும் கடைசிலயும் சட்டில நிக்கிற எண்ணெயயும் நிறுத்து எழுதணும், இல்லனா செலவு எண்ணெய்னு எத சொல்றது.

சரி, ஜூலைக்கு வருவோம். அந்த மாசம் உளுந்து விலை ஏறி மாவு கிலோ 175க்கு வந்துடுச்சு. மாஸ்டர் யார்கிட்டயும் கேக்காம உளுந்த குறைச்சு அரிசியையும் பொட்டுக்கடலையையும் ஏத்திட்டாரு. ஸ்டோர்ல சரக்கு கேட்டு எழுதுற இன்டென்ட் சீட்டெல்லாம் கூட்டிப் பாத்தா அரிசி மாவு 1,160, உளுந்து 180, பொட்டுக்கடலை 160, ஆக மாவு 1,500 கிலோ. எண்ணெய் 530 கிலோ. வந்த நல்ல முறுக்கு 1,710 கிலோ.

மொத தடவ நான் புக்ல இருக்கற மாதிரியே நாலையும் ஒரே மிக்ஸ்னு போட்டேன். மொத்த இன்புட் 2,030 கிலோ. ஸ்டாண்டர்ட் விகிதத்துலயே போட்டிருந்தா கிலோவுக்கு 90 வீதம் 1,82,700 ரூபா ஆகணும். நெசமா போட்ட அளவுகள ஸ்டாண்டர்ட் விலைல பெருக்குனா 1,75,200. வித்தியாசம் 7,500 சாதகம், விகிதம் மாறுனதால வந்தது, அதான் மிக்ஸ் வேரியன்ஸ். ஈல்டுக்கு, 2,030 கிலோ போட்டா 90 சதவீதம் 1,827 கிலோ வரணும், வந்தது 1,710, குறைவு 117 கிலோ, கிலோ 100 ரூபா வீதம் 11,700 பாதகம். ரெண்டையும் சேத்தா 4,200 பாதகம்.

சித்தப்பா இத பாத்தாரு, "பாத்தியா, உளுந்துல 7,500 மிச்சம் புடிச்சேன்னு 11,700 தொலைச்சிருக்கான்"ன்னு மாஸ்டர கூப்ட்டு விட்டாரு. மாஸ்டர் அண்ணன் வந்து நின்னு நான் எழுதுன பேப்பர பாத்துட்டு ஒரே ஒரு கேள்வி தான் கேட்டாரு: "தம்பி, எண்ணெயும் மாவும் ஒண்ணா? எண்ணெய்க்குப் பதிலா மாவ போட்டுப் பொரிக்க முடியுமா?"

எனக்கு சுருக்குன்னு பட்டுச்சு. மிக்ஸ் வேரியன்ஸோட அடிப்படையே ஒண்ண குறைச்சா இன்னொண்ண வச்சு ஈடு கட்டலாம்ங்கிறது தான். உளுந்துக்குப் பதிலா பொட்டுக்கடலை, சரி. அரிசி கொஞ்சம் கூட, சரி. ஆனா எண்ணெய மாவுக்குப் பதிலா யாரும் போட முடியாது, அது எவ்ளோ போகுதுங்கிறத சூடும் மாவும் தான் முடிவு பண்ணுது. நாலையும் ஒண்ணா போட்டா என்ன ஆகுதுன்னா எண்ணெய் கூட போன நட்டத்துல ஒரு பகுதி மிக்ஸ்ல போய் ஒளிஞ்சுக்குது (என் கணக்குல 3,150 ரூபா அங்க இருந்துச்சு), மீதி ஈல்டுல போய் மாவால வந்த நட்டம் மாதிரி வேஷம் போடுது. எக்ஸாம்ல இப்படிப் போட்டா முழு மார்க் வரும், அடுப்படில யார திட்றதுன்னு தெரியாது.

அதனால ரெண்டாவது தடவ, மாவு மூணும் ஒரு குரூப், எண்ணெய் தனி. 100 கிலோ சரக்கு ஒரு பேட்ச்னு வச்சா அதுல மாவு 75 கிலோ, அப்ப 1,500 கிலோ மாவுங்கிறது 20 பேட்ச். வந்த 1,710 கிலோ முறுக்குங்கிறது 90 வீதம் பாத்தா 19 பேட்ச். அதாவது 20 பேட்ச் மாவு உள்ள போய் 19 பேட்ச் முறுக்கு தான் வெளிய வந்திருக்கு. இப்டி சொன்னா சித்தப்பாவுக்கே புரிஞ்சிடுச்சு, வேரியன்ஸ்ங்கிற வார்த்தையே தேவப்படல.

மாவு மிக்ஸுக்கு ஷீட்ல C காலம்ல போட்ட அளவு, D ல ஸ்டாண்டர்ட் பேட்ச் அளவு, E ல ஸ்டாண்டர்ட் விலை வச்சு, ரெண்டாவது வரிசைல இத போட்டு கீழ இழுத்தேன். பிளஸ் வந்தா சாதகம், மைனஸ் வந்தா பாதகம்.

```
=(SUM(C$2:C$4)*D2/SUM(D$2:D$4)-C2)*E2
```

1,500 கிலோ மாவுல ஸ்டாண்டர்ட் படி அரிசி 1,080 இருக்கணும், 1,160 இருக்கு, 4,000 பாதகம். உளுந்து 280 இருக்கணும், 180 தான், 15,000 சாதகம். பொட்டுக்கடலை 140க்கு 160, 2,000 பாதகம். கூட்டுனா மாவு மிக்ஸ் 9,000 சாதகம். மாவு ஈல்டு ஒரு பேட்ச் மாவு நட்டம், ஒரு பேட்சோட மாவு விலை ஸ்டாண்டர்ட்ல 5,500, அது பாதகம். எண்ணெய் 19 பேட்சுக்கு 475 கிலோ தான் போகணும், 530 போயிருக்கு, 55 கிலோ, 7,700 பாதகம். மொத்தம் அதே 4,200 பாதகம் தான், அது மாறாது, மாறவும் கூடாது, மாறுனா கூட்டல்ல தப்புன்னு அர்த்தம். ஆனா இப்ப மாவு பக்கம் மட்டும் பாத்தா 3,500 சாதகம், நட்டம் முழுக்க எண்ணெய்ல இருக்கு!

இங்க அவசரப்பட்டு "அப்ப மாவு மாத்துனது சரி, எண்ணெய் தான் தப்பு"ன்னு முடிவு கட்ட இருந்தேன், நல்லவேள கட்டல. அந்த 55 கிலோவ ரெண்டா உடைச்சா தான் உண்மை தெரியுது. 20 பேட்ச் மாவ பொரிச்சிருக்காங்க, அதுக்கு நியாயமா 500 கிலோ எண்ணெய் போகும். அதுல 25 கிலோ, உடைஞ்சு போன அந்த ஒரு பேட்ச் குடிச்ச எண்ணெய், ரூபா 3,500, இது மாவோட தப்பு தான், தூளா போன முறுக்கும் எண்ணெய் குடிச்சுட்டுத்தானே போகுது. மிச்சம் 30 கிலோ, 4,200 ரூபா, அது ஸ்டாண்டர்ட விட அதிகமா குடிச்சது. இந்த 30 கிலோ எதனாலன்னு கணக்கு சொல்லாது, அடுப்புகிட்ட போய்த்தான் நிக்கணும்.

போய் நின்னேன், ரெண்டு நாள். அடுப்பு ஒண்ணு, அடுப்பு ரெண்டுன்னு தனித்தனியா ஒவ்வொரு ஈடுக்கும் எண்ணெய் எவ்ளோ ஊத்துறாங்கன்னு எழுதுனேன். ஒரே மாவு, ஒரே அக்காங்க பிழியுறது, ஆனா ரெண்டாவது அடுப்புல மட்டும் எண்ணெய் சட்டுனு இறங்குது. மாவு கிள்ளிப் போட்டா மொத அடுப்புல உடனே நுரைச்சு மேல வருது, ரெண்டாவதுல அடில போய் ஒக்காந்து யோசிச்சுட்டு அப்புறமா வருது. தெர்மாமீட்டர் வச்சா மொத சட்டில ஈடு போட்ட பிறகும் 170 டிகிரி கிட்ட நிக்குது, ரெண்டாவது 150க்குக் கீழ இறங்கி ஏறவே மாட்டேங்குது. பர்னர் ஜெட்ல கரி அடைச்சு தீ ஒரு பக்கமா மஞ்சளா எரிஞ்சிட்டு இருந்துச்சு. சூடு பத்தாட்டி முறுக்கு ரொம்ப நேரம் உள்ளயே கெடக்கும், எண்ணெய குடிக்கும், எடுத்து வச்சா தாம்பாளத்துல எண்ணெய் தேங்கும். இதே மாவு மொத அடுப்புல ஸ்டாண்டர்ட் அளவு தான் குடிச்சுது, அதனால இந்த 30 கிலோவ ரெசிப்பி தலைல கட்ட முடியாது. ஜெட்ட கழட்டி ஊசி விட்டு சுத்தம் பண்ணோம், அரைமணி நேர வேலை. 4,200 ரூபா.

(மணப்பாறை முறுக்கு மாதிரி ரெண்டு தடவ பொரிக்கிற வகைக்கு இந்த 25 கிலோ எண்ணெய் ஸ்டாண்டர்ட் பொருந்தாது, உங்க அடுப்புல நீங்களே நிறுத்துக்கங்க.)

உடைசல் மட்டும் ரெசிப்பியால வந்தது தான், அதுல சந்தேகமே இல்ல. உளுந்து குறைஞ்சதும் மாவு பிடிமானம் இல்லாம பிழியும்போதே சுத்து விட்டு அறுந்துச்சு. அக்காங்க அத திரும்ப உருட்டி அச்சுல போட போட மாவு காஞ்சு இன்னும் மோசமாகும். வெந்தத கண் கரண்டில அள்ளும்போது ஓர சுத்து தனியா கழண்டு விழும். மாசக் கடைசில தூள் டப்பாவ நிறுத்தா 125 கிலோ. வழக்கமா இவ்ளோ மாவுக்கு 40 கிலோ தான் வரும்னு நோட்டுல இருக்கு. 85 கிலோ அதிகம், நல்ல முறுக்குல குறைஞ்ச 90 கிலோவுக்கு இது கிட்டத்தட்ட சரியா வருது, மிச்சம் காஞ்சு தூக்கிப் போட்ட மாவு. தூள கிலோ 20க்கு வித்தோம், அந்த 1,700 ரூபா ஈல்டு வேரியன்ஸ்ல வராது, தனியா தான் வரவு வச்சேன்.

மூணாவது தடவ கணக்க மாத்துனதுக்குக் காரணமும் மாஸ்டர் தான். "உளுந்து 175க்கு வாங்குறப்ப நீ 150ன்னு போட்டு என்னய திட்ட வச்சா எப்படி தம்பி?" நான் புக்ல படிச்சத சொன்னேன், விலை வித்தியாசம் எல்லாம் ப்ரைஸ் வேரியன்ஸ்ல தனியா வரும்ண்ணே, 180 கிலோவுக்கு 25 ரூபா வீதம் 4,500 பாதகம், அது வாங்குறவங்க பொறுப்பு, உங்க மேல வராதுன்னு. அவருக்கு அதுல திருப்தி இல்ல, யோசிச்சா எனக்கும் இல்ல. அவர் உளுந்த குறைச்சதே 175ங்கிற விலைய பாத்து தான. முடிவு எடுத்த விலை ஒண்ணு, அந்த முடிவ எடை போடுற விலை இன்னொண்ணுன்னா அது நியாயமா? மாசத்துக்கு மாசம் ஏறி எறங்குற விலைன்னா ஸ்டாண்டர்ட அசைக்காம வைக்கிறது சரி, ஆனா உளுந்து ஏறி அங்கயே நின்னுடுச்சு.

அதனால முடிவு சரியா தப்பாங்கிறதுக்கு மட்டும் 175ஐ வச்சுப் போட்டேன். பழைய ரெசிப்பில 100 கிலோ சரக்கு இப்ப 9,350 ரூபா ஆகுது, 90 கிலோ வருது, கிலோ 103.89. மாஸ்டர் போட்ட ரெசிப்பி அரிசி 58, உளுந்து 9, பொட்டுக்கடலை 8, எண்ணெய் அடுப்பு சரியா இருந்தா 25, மொத்தம் 8,775 ரூபா. ஆனா 85.5 கிலோ தான் வருது, கிலோ 102.63. அப்ப அவ்ளோ உடைசலுக்கு அப்புறமும் கிலோவுக்கு 1.26 மிச்சம், 1,710 கிலோவுக்கு 2,150 ரூபா, தூள் காசு வேற. நான் மொத நாள் காட்டுன பேப்பர்ல இதே ஆள் 4,200 நட்டம் பண்ணவரு. சித்தப்பா ஒண்ணும் சொல்லல, மாஸ்டருக்கு ஒரு டீ சொன்னாரு, எனக்கும் சொன்னாரு.

ஆனா அதோட மாஸ்டர் ஜெயிச்சாருன்னும் ஆயிடல. ஆகஸ்ட் மொத வாரத்துலயே ரெண்டு கடைல இருந்து பாக்கெட் திரும்பி வந்துச்சு, "கல்லு மாதிரி இருக்கு, வயசானவங்க கடிக்க முடியலங்கிறாங்க"ன்னு. 45 கிலோ. இந்த 45 கிலோவும் நான் நல்ல முறுக்குன்னு 1,710ல சேத்து எழுதுனது. ஈல்டு வேரியன்ஸுக்கு முழுசா இருந்தா நல்ல முறுக்கு, கடிக்க முடியுதாங்கிறது அதுக்குத் தெரியாது. கிலோ 100னு வச்சா 4,500 ரூபா, மிச்சம் புடிச்ச 2,150, அதிகப்படி தூள் வித்த 1,700 ரெண்டும் அதுலயே கரைஞ்சு போச்சு.

அப்புறம் சித்தி தான் நடுவுல புகுந்து "பதினாலும் வேணாம் ஒம்போதும் வேணாம், பன்னெண்டு போட்டுப் பாருங்க, அரிசிய 56 ஆக்கு, பொட்டுக்கடலைல கை வைக்காத"ன்னாங்க. நாலு பேட்ச் ஓட்டுனோம், ரெண்டு அடுப்புலயும் தெர்மாமீட்டர் வச்சு. நாலுலயும் சேத்து நல்ல முறுக்கு 358 கிலோ, அதாவது பேட்சுக்கு 89.5. எண்ணெய் சரியா 25 கிட்டயே நின்னுச்சு. செலவு 9,100, கிலோ 101.68. மூணு ரெசிப்பிலயும் இது தான் குறைச்சல், மொறுமொறுப்புலயும் யாரும் வித்தியாசம் கண்டுபுடிக்கல, திருப்பி அனுப்புன கடைக்கே மொத பாக்கெட் அனுப்பிப் பாத்தோம், மறுபடி ஆர்டர் வந்துச்சு.

இப்ப இது தான் புது ஸ்டாண்டர்ட்: 56, 12, 7, எண்ணெய் 25, உளுந்து விலை 175, ஈல்டு 89.5. நாலு பேட்ச வச்சு ஸ்டாண்டர்ட் போடுறது கம்மி தான், மழைக்காலத்துல மாவு ஈரம் கூடுனா 89.5 நிக்குமான்னு பாக்கணும், அதுக்காக மாவு மூட்டை வந்த தேதியும் பேட்ச் சீட்டுலயே எழுத சொல்லிருக்கேன். சீட்டுல இன்னும் ரெண்டு கட்டம் சேத்தேன், எந்த அடுப்பு, தூள் எவ்ளோன்னு. கடைல இருந்து திரும்பி வர்றதுக்குத் தனி நோட்டு, அத சித்தி வச்சிருக்காங்க. மாஸ்டர் அண்ணன் உளுந்துல கை வைக்கறதுக்கு முன்னாடி இப்பல்லாம் எனக்கு ஒரு போன் போடுறாரு, "தம்பி, பதினொண்ணு போட்டா உன் ஷீட்டு என்ன சொல்லுது"ன்னு. ஷீட்டு ஒண்ணும் சொல்லாதுண்ணே, ஒரு பேட்ச் போட்டு தூள நிறுத்து சொல்லுங்க, அப்புறம் நான் சொல்றேன்னு சொல்லிருக்கேன்.